பிளீச் போடப் போடப் பழுப்பு

நான் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனில் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். சரி, உண்மையைச் சொல்கிறேன், ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை வந்து ஒரு வெள்ளை பெட்ஷீட்டை என் மடியில் எறிந்தாள்.

"இத்த பாருடி. படிச்ச கண்ணுல பாரு. இது இன்னா கறை?"

பார்த்தேன். நடுவில் அகலமாக, ஒரு ஆள் முதுகு படுகிற இடத்தில், டீ கொட்டியது மாதிரி பழுப்பு. ஓரங்களில் வழிந்தது மாதிரி நீட்டு நீட்டாகக் கோடுகள். டீ என்றால் இவ்வளவு டீயை யாரும் முதுகால் குடிக்க மாட்டார்கள்.

"யார் மேல டீ ஊத்துனாங்க?"

"டீயாம். நர்சிங் ஹோம் துணிடி இது. திருப்பி அனுப்பிட்டாங்க. மூட்டையோட."

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். அதில்தான் அத்தையும் மாமாவும் லாண்டரி நடத்துகிறார்கள். இரண்டு பெரிய மிஷின், ஒரு சிமெண்ட் தொட்டி, வெந்நீருக்கு ஒரு விறகு பாய்லர், மேலே மாடியில் பத்து வரிசைக் கொடி. டிகிரி முடித்துவிட்டு, நல்ல வேலை என்னைத் தேடி வரும்வரை காத்திருந்த அந்தக் கோடையில் நான் அங்கேதான் இருந்தேன். லாட்ஜ் துணி கொஞ்சம், கம்பெனி யூனிஃபார்ம் கொஞ்சம் வரும். மற்றபடி ஷெட்டே ஓடியது தண்டையார்பேட்டையில் இருக்கும் அந்த நர்சிங் ஹோமை நம்பித்தான். அந்த மூட்டைகள் வரத் தொடங்கிய பிறகுதான் அத்தை கல்லில் அடிப்பதை விட்டு மிஷின் வாங்கினாள். அது நின்றால் மிஷின் நிற்கும். மிஷின் நின்றால் அத்தை மறுபடியும் கல்லுக்குப் போக வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாடிப்படியில் இறங்கும்போது தோள்பட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இறங்கினாள். கல்லில் அடித்த காலத்து வலி அது.

"வார்டு சிஸ்டர் சொல்லிட்டாங்க," என்றார் மாமா. அவர்தான் மினி ஆட்டோவில் மூட்டைகளை ஏற்றி இறக்குபவர். "அடுத்த மூட்டையும் இப்பிடி வந்தா வேற ஆள பாத்துக்குவோம்னு. மூஞ்சிக்கு நேரா."

"நீ இன்னா சொன்ன?"

"நா இன்னா சொல்றது. தல ஆட்டிகினு வந்துட்டேன்."

"ஆட்டுவ, ஆட்டுவ. நல்லா ஆட்டுவ."

எங்கள் ஷெட்டில் வெள்ளைக்கு ஒரு வழி, கலருக்கு ஒரு வழி. வெள்ளை என்றால் முதல் வேலை பிளீச்சிங். பிளீச்சிங் பவுடரை ஒரு பக்கெட்டில் கரைத்து, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, அடியில் சுண்ணாம்பு மாதிரி தங்கியதும் மேலே இருக்கும் தெளிந்த தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டித் தொட்டியில் ஊற்றுவாள் அத்தை. கரையாத துகள் ஒன்று துணியில் ஒட்டினால் அந்த இடத்தில் ஓட்டை விழும். வடிகட்டிய தண்ணீரில் வெள்ளையை முக்கி எடுத்த பிறகுதான் சோப்பு, மிஷின் எல்லாம். ஷெட் முழுக்க நீச்சல் குளம் மாதிரி குளோரின் வாசம் அடிக்கும்.

கலர் துணி என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில் இருந்து வரும் பச்சைத் துணிதான். அதைப் பிளீச்சிங்கில் போட்டால் பச்சை போய்விடும். மாமாவின் லுங்கி ஒன்று தப்பித் தவறி அந்தத் தொட்டியில் விழுந்து எழுந்தது. நீலக் கட்டத்துக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள். அவர் அதைத்தான் இன்னும் கட்டுகிறார், உலக வரைபடம் மாதிரி. அதனால் பச்சைக்கு ஆக்சிஜன் பிளீச். வெள்ளையாக, உப்பு மாதிரி இருக்கும் பவுடர். குளோரின் கிடையாது, மூக்கில் ஏறும் வாசம் கிடையாது. வெந்நீரில் போட்டால் ஆக்சிஜனை விட்டுக் கறையை எடுக்கும், சாயத்தைப் பெரும்பாலும் தொடாது. ஆனால் சூடில்லாத பச்சைத் தண்ணீரில் அது சோம்பேறி. சூடு வேண்டும், நேரம் வேண்டும். அத்தை அதற்கு வைத்திருந்த பெயர் கலர் பவுடர். அதன் மேல் அவளுக்குப் பெரிய மரியாதை இல்லை.

"வாசமே இல்லாத பவுடரு இன்னாத்த சுத்தம் பண்ணப் போவுது," என்பாள்.

அந்தப் பழுப்புக்கு அத்தையிடம் பதில் இருந்தது. "ஐயோடின்டி அது. ஆபரேஷனுக்கு முன்னால பூசுவாங்க இல்ல, மரக்கலர் மருந்து. அதான்."

"அப்ப பிளீச்சிங்ல போவும் இல்ல?"

"முன்னல்லாம் ஒரு முக்குதான். போய்கினே இருக்கும். இப்ப போட்டா போவ மாட்டேங்குது. இன்னும் ரெண்டு கப்பு சேர்த்துப் போட்டேன். இன்னும் கருக்குது."

இங்கேதான் எனக்குப் போன் மறந்துபோனது. கறையை எடுக்கிற பொருளைக் கூட்டினால் கறை கூடுகிறதா? அது எப்படி?

நான் படித்தது பொருளாதாரம். கெமிஸ்ட்ரியைப் பன்னிரண்டாம் வகுப்போடு கும்பிட்டு அனுப்பிவிட்டேன். ஆனாலும் இந்த விஷயம் மண்டைக்குள் கொசு மாதிரி சுற்றியது. அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டேன்.

முதல் சந்தேகம் தண்ணீர் மேல். எங்கள் போர் தண்ணீரில் இரும்பு உண்டு. பக்கெட்டில் ஒரு ராத்திரி வைத்தால் அடியில் செம்மண் மாதிரி படியும். இரும்பு இருக்கும் தண்ணீரில் பிளீச்சிங் போட்டால் துரு நிறம் ஏறும் என்று போனில் பார்த்தேன். அதற்காகத்தான் வெள்ளைத் துணிக்கு அத்தை லாரித் தண்ணீர் வாங்குகிறாள். ஒருவேளை லாரிக்காரர் ஏமாற்றுகிறாரோ? லாட்ஜ் பெட்ஷீட் ஒன்றை எடுத்து அதே தொட்டியில், அதே தண்ணீரில், அதே பிளீச்சிங்கில் முக்கினேன். பால் மாதிரி வெளியே வந்தது.

"லாரிக்காரர் பாவம். அவர் மேல தப்பு இல்ல," என்றேன்.

"அவரு மேல நீ எப்ப கேசு போட்ட?" என்றார் மாமா.

அடுத்த சந்தேகம் காற்று. இரும்புக் கிடங்குகள் இருக்கும் சாத்தாங்காடு பக்கம் இருந்து காற்று திரும்பும் நாட்களில் மாடிக் கொடியில் இரும்புத்தூள் மாதிரி ஏதோ வந்து உட்காரும். கடல் காற்று வேறு. கொடிக் கம்பி துருப்பிடித்து, அதில் போட்ட துணியில் கோடு விழுவது எங்களுக்குப் புதிதில்லை. அதனால் நான் ஒரு கந்தல் துணியை வாசல் கேட்டின் இரும்புக் கம்பியில் ஈரத்தோடு கட்டிவைத்துத் துருக்கறை உண்டாக்கினேன். அதன் மேலும் பெட்ஷீட் பழுப்பின் மேலும் எலுமிச்சை உப்பைக் கரைத்துப் பூசினேன். துரு மெல்ல மெல்ல வெளுத்தது. பழுப்பு அசையவே இல்லை.

மாமா டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமே, ஒம்மருமவ ஷெட்டுல லேபு போட்டுகீறா."

"போடட்டும். நீ ஒரு வேலையாச்சும் போடு," என்றாள் அத்தை.

மூன்றாவதாக ஐயோடின். மெடிக்கலில் ஒரு சின்னக் குப்பி வாங்கினேன். வெள்ளைக் கந்தலில் ஊற்றினேன், நல்ல மரக்கலர். பிளீச்சிங் தண்ணீரில் முக்கினேன். கண் முன்னால் காணாமல் போனது. அத்தை சொன்னது சரிதான். ஐயோடினுக்குப் பிளீச்சிங் நல்ல மருந்து. ஆனால் அப்படியானால் இந்தப் பழுப்பு ஐயோடின் இல்லை.

"அப்ப இது இன்னாதான்டி?" என்றாள் அத்தை. இப்போது அவளுக்கும் கொசு சுற்ற ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நாங்கள் எல்லோரும் தோய்த்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தோம். தோய்க்காத துணியை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? மூட்டையை அவிழ்த்ததும் மூக்கைத் திருப்பிக்கொண்டு தொட்டியில் கவிழ்ப்பதுதான் எங்கள் ஷெட்டின் வழக்கம்.

மறுநாள் மூட்டை வந்ததும் கவிழ்க்க விடாமல் தடுத்தேன்.

"கைய வெக்காத, கலீஜ். நோயாளிங்க துணி," என்று அத்தை முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையை என் மேல் வீசினாள். மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக விரித்தேன். ரத்தம் இருந்தது. சாம்பார் இருந்தது. இன்னும் சில விஷயங்களும் இருந்தன, வேண்டாம். ஆனால் பழுப்பு மட்டும் எந்த வெள்ளைத் துணியிலும் இல்லை. அந்த முதுகு படும் இடத்தில், பழுப்பு வர வேண்டிய இடத்தில், லேசாக ரோஸ் நிறம் இருந்தது. ரோஸ் மில்க் சிந்தி யாரோ துடைத்தது மாதிரி.

"அத்த, இங்க வா. பழுப்பு எங்க?"

அத்தை குனிந்தாள். இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். "காணமே."

"அங்க இருந்து வர்ல. இங்கதான் வருது."

அவள் முகம் மாறியது. "இன்னா சொல்ற? நாமளே கறைய உண்டாக்கறோமா?"

அந்த ரோஸ் பட்ட பெட்ஷீட்டைத் தூக்கித் தொட்டியில் ஒரு முனையை மட்டும் விட்டேன். மூன்று பேரும் தொட்டி விளிம்பில் தலையை நீட்டிக்கொண்டு நின்றோம். முதலில் ரோஸ் மறைந்தது. "தோ, போய்ச்சு," என்றார் மாமா. அப்புறம் அதே இடத்தில் ஒரு மங்கலான மஞ்சள் எழும்பியது. பிறகு ஆரஞ்சு. பிறகு எங்களுக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பழுப்பு, தண்ணீருக்குள்ளிருந்து எங்களைப் பார்த்து இளித்துக்கொண்டு வந்தது.

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "பேய் மாரி கீதே."

அத்தை அந்த முனையைத் தூக்கிப் பார்த்தாள். "அப்ப பச்சத் துணியில ஏன் வர்ல?" என்று கேட்டாள். உண்மையில் நல்ல கேள்வி. பச்சைத் துணியிலும் அதே ரோஸ் இருந்தது. பார்த்தோம்.

"பச்சையில தெரியாம மறஞ்சிருக்கும்," என்றார் மாமா.

"இல்லன்னா கலர் பவுடர்ல வரவே வராது," என்றேன் நான்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரே வழிதான். ரோஸ் பட்ட இரண்டு வெள்ளைத் தலையணை உறை எடுத்தேன். இரண்டையும் முதலில் பச்சைத் தண்ணீரில் நன்றாக அலசினோம். பிளீச்சிங்குக்கு முன்னால் அலசினாலே போதுமோ என்றும் பார்த்துவிடலாம் என்று. ஒன்றைப் பிளீச்சிங் தண்ணீரில் போட்டேன். இன்னொன்றுக்குப் பாய்லரில் இருந்து கை வைக்க முடியாத வெந்நீர் எடுத்து ஆக்சிஜன் பவுடரைக் கரைத்தேன். பிளீச்சிங்கில் போட்டது, அலசியும்கூட, பழுத்தது. கொஞ்சம் வெளிர், அவ்வளவுதான். அந்த ரோஸ் எதுவோ, பஞ்சு நூலைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. வெந்நீரில் போட்டது, ஊறவைத்து எடுத்து அலசிக் கொடியில் போட்டபோது, சுத்தமான வெள்ளை.

இடையில் ஒரு கூத்து. ரத்தக் கறை போகாத துண்டு ஒன்றை அலசாமலே ஆக்சிஜன் பவுடரில் போட்டுவிட்டேன். ரத்தம் பட்ட இடத்தில் சோடா மாதிரி நுரை புஸ்ஸென்று கிளம்பியது. ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று ஆக்சிஜனை ஒரே மூச்சில் விட வைத்துவிடுகிறது. நுரை அடங்கியதும் பவுடரின் வேலையும் அடங்கிவிட்டது, கறை பாதி அப்படியே. வெந்நீர் பட்டதில் அந்தப் பாதியும் துணியில் உறைந்துகொண்டது. ஆகவே ரத்தத்தைப் பச்சைத் தண்ணீரில் அலசிப் போக்கிவிட்டுத்தான் இந்தப் பவுடரிடம் வர வேண்டும். இன்னொன்றும் கற்றேன். மீந்த கரைசலை வீணாக்க மனசில்லாமல் பழைய கூல்டிரிங்க் பாட்டிலில் ஊற்றி இறுக மூடி வைத்தேன். மத்தியானம் பாட்டில் வயிறு உப்பி, மூடி ஷெட் கூரையில் போய் அடித்தது. தூங்கிக்கொண்டிருந்த மாமா எழுந்து உட்கார்ந்து, "பாமு," என்றார் அமைதியாக. இந்தக் கரைசலை அப்போதைக்கு அப்போது கரைத்துக் கொட்டிவிட வேண்டும், மூடி வைக்கக் கூடாது.

அன்று வந்த வெள்ளை முழுவதையும் அத்தை இந்த வழியில் தோய்த்தாள். பாய்லரை விறகு தின்ன வைத்தாள். ஒரு துளி பழுப்பு இல்லை. இஸ்திரி போட்டு மடித்து, மினி ஆட்டோவில் மூன்று பேரும் ஏறிப் போனோம். அத்தை நல்ல புடவை கட்டியிருந்தாள்.

வார்டு சிஸ்டர் கண்டிப்பானவர். வயது ஐம்பதுக்கு மேல், தெற்கத்திப் பேச்சு, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பார்ப்பார். மேலே இருந்த பெட்ஷீட்டை விரித்தார். வெளிச்சத்தில் பிடித்தார். அத்தையின் முகம் மலரத் தொடங்கியது. பிறகு சிஸ்டர் துணியை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். எங்களுக்குத் தெரியாத விஷயம் இது. மூட்டையை மாமா வாசலில் இறக்கிவிட்டு வருவதுதான் வழக்கம், உள்ளே நடப்பதை நாங்கள் பார்த்ததில்லை.

"வாசனையே இல்லையேம்மா."

"வெள்ளையா கீதுங்க சிஸ்டர்."

"வெள்ளை சரி. பிளீச் போட்டீங்களா இல்லையா? பிளீச் வாசனை வரலைன்னா கிருமி சாகலைன்னு அர்த்தம். இதுல ஆபரேஷன் பண்ணின ஆளை நான் எப்படிப் படுக்க வைப்பேன்? எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு ஒழுங்கா பிளீச் பண்ணிக் கொண்டாங்க. நாளைக்கும் சரியா வரலைன்னா நான் பேச மாட்டேன், ஆபீஸ்ல பேசுவாங்க."

வெளியே வரும்போது வார்டு மூலையில் ஆயா ஒருவர் ஒரு நோயாளியின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மறுநாள் ஆபரேஷனாம். பஞ்சில் ஊற்றிக்கொண்ட மருந்து ரோஸ் நிறம்.

"யக்கா, அது இன்னா மருந்து?"

"இதா? கிருமி மருந்துமா. முன்ன மரக்கலரு குடுத்தாங்க. அத்த நிறுத்திட்டு இப்ப இதான். பெரிய டாக்டரு மாத்திட்டாரு."

பாட்டிலில் இருந்த பெயரைப் போனில் போட்டேன். குளோர்ஹெக்சிடின். அதோடு குளோரின் பிளீச் சேர்ந்தால் நிரந்தரமான பழுப்புக் கறை உண்டாகும், குளோரின் இல்லாத ஆக்சிஜன் பிளீச் போடவும் என்று எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்கள். உலகத்துக்கே தெரிந்திருக்கிறது. காலடிப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும்தான் தெரியவில்லை.

நான் திரும்பி ஓடிவந்து ஆட்டோவில் சொன்னேன். அத்தைக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

"ஒன் பேச்ச கேட்டேன் பாரு. வெறகு போச்சு, வேலையும் போவப் போவுது. அவங்களுக்கு வாசம்தான்டி வோணும்."

வீட்டுக்கு வந்ததும் ஒரு யோசனை செய்தாள். ஏற்கெனவே வெளுத்தாகிவிட்டது, மருந்தெல்லாம் போயிருக்கும், கடைசி அலசலில் வாசத்துக்கு மட்டும் ஒரு கப் பிளீச்சிங் தண்ணீர் விட்டால் என்ன? பெயருக்குத்தானே. நான் வேண்டாம் என்றேன். நான்கு பெட்ஷீட்டில் செய்து பார்த்தாள். ஒன்றில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றில், முதுகு படும் இடத்தில், ஒரு மாலை வெயில் மாதிரி லேசான பழுப்பு வந்து உட்கார்ந்தது. துவைத்தும் கொஞ்சம் மருந்து நூலுக்குள் மிச்சமிருந்திருக்க வேண்டும்.

அத்தை ஈரத் துணியோடு தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். வாசம் வேண்டுமென்றால் பழுப்பு வரும். பழுப்பு வேண்டாமென்றால் வாசம் வராது. சிஸ்டர் இரண்டையும் கேட்கிறார்.

"சென்ட் அடிச்சிரலாமா?" என்றார் மாமா. அவர் கிண்டல் செய்யவில்லை.

"சென்ட்டு இல்ல," என்றேன். "அவங்க கண்ணு முன்னால காட்டிரலாம். நாம பாத்தத அவங்களும் பாக்கட்டும்."

மறுநாள் போகும்போது அத்தை நல்ல புடவை கட்டவில்லை. ஷெட்டில் கட்டும் புடவையே. மடித்த வெள்ளைத் துணி ஒரு பக்கம், அந்த மூன்று பெட்ஷீட் தனியாக ஒரு பக்கம்.

சிஸ்டர் மோந்து பார்க்கத் துணியை எடுத்தபோது அத்தை தடுத்தாள். "மோந்து பாக்காதீங்க சிஸ்டர். வாசம் வராது. ஏன் வராதுன்னு இந்தப் பொண்ணு காட்டும். பாத்துட்டு அப்பால திட்டுங்க."

"யாரு இது?"

"எங்க வூட்டுக்காரரோட அக்கா மவ. காலேஜு படிச்சிருக்கு."

"கெமிஸ்ட்ரியா?"

"பொருளாதாரம்," என்றேன். சிஸ்டர் கண்ணாடிக்கு மேல் ஒரு பார்வை பார்த்தார். அது எனக்கு மரியாதை தரும் பார்வை இல்லை.

வார்டு வாஷ்பேசினில் ஒரு பஞ்சுத் துணித் துண்டை விரித்தேன். ரோஸ் மருந்தை ஆயா இரண்டு சொட்டு விட்டார். கழிவறை கழுவ அவர் கலந்து வைத்திருந்த பக்கெட்டில் இருந்தே கொஞ்சம் பிளீச் தண்ணீர் மொண்டேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் என்று யாரும் சொல்லக் கூடாதே.

ஊற்றினேன். ரோஸ் மறைந்தது. மஞ்சள். ஆரஞ்சு. பழுப்பு.

ஆயா வாயைப் பொத்திக்கொண்டார். "ஆத்தாடி. நா தெனம் இந்தப் பேசின்ல கழுவுறேனே. அதான் இங்க ஓரத்துல இந்தக் கறையா?" பேசின் ஓட்டையைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் இருந்தது. அதைத் தேய்த்துத் தேய்த்து அவர் கை ஓய்ந்திருக்கிறது.

சிஸ்டர் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். இன்னொரு துண்டு எடுத்தார். அவரே மருந்து விட்டார், அவரே பிளீச் ஊற்றினார். பழுப்பு. மூன்றாவது துண்டில் மருந்து விடாமல் பிளீச் மட்டும் ஊற்றினார். வெள்ளை. அவருக்கும் கொசு சுற்ற ஆரம்பித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"இத்தனை நாளா நான் உங்களைத் திட்டினேன்," என்றார் அத்தையிடம். "பிளீச் ஒழுங்கா போடலைன்னு."

"நானும் நீங்க சொன்னாப்ல இன்னும் ரெண்டு கப்பு போட்டேன்," என்றாள் அத்தை. இப்போது அதற்குப் பதில் குளோரின் இல்லாத ஆக்சிஜன் பவுடர் போடுகிறோம் என்று நான் சொன்னேன்.

"சரி. ஆனா கிருமி? இந்தப் பவுடர் கிருமியைக் கொல்லுமா?"

இதற்கு என்னிடம் போன் பதில் இருந்தது. ஆனால் அத்தை முந்திக்கொண்டாள். "தண்ணி கொதிக்கிற மாரி ஊத்தி, அதுல பவுடரப் போட்டு, மிஷின்ல அப்பிடியே சூடு கொறையாம ஓட்டறோம் சிஸ்டர். கைய வெக்க முடியாது. நீங்க வந்து பாருங்க. கைய வெச்சிப் பாருங்க."

சிஸ்டர் சிரித்தது அன்றுதான் முதல் முறை என்று ஆயா அப்புறம் சொன்னார். டாக்டரைக் கேட்க உள்ளே போனார். நாங்கள் வராந்தாவில் நின்றோம். அத்தை தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமா தன் லுங்கியின் வெள்ளைத் திட்டு ஒன்றை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இது போவாதா?" என்று என்னைக் கேட்டார்.

"அது கறை இல்ல மாமா. அங்க கலரே இல்ல. இல்லாதத எப்பிடி எடுக்கறது?"

"அந்தப் பழுப்பு?"

"அது இருக்கு. ஆனா எடுக்க முடியாது."

"இன்னாடி இது. ஒண்ணு இல்லாம போவாது, ஒண்ணு இருந்துகினு போவாது."

சிஸ்டர் திரும்பி வந்தார். டாக்டர் சில விஷயங்கள் சொல்லியிருக்கிறார். சூடு குறையக் கூடாது, அதை அவர்கள் ஆள் வந்து பார்ப்பார். நோயாளி படுக்காத துணிகளுக்கு, சமையல்கட்டுத் துணிக்கு, பழைய பிளீச்சிங்கே போதும். ஆனால் இரண்டு பவுடரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, ஒரே பக்கெட்டிலும் கூடாது. பழுத்துப்போன பெட்ஷீட்டெல்லாம் மெத்தைக்கு அடியில் போட்டுக்கொள்வார்களாம்.

பிறகு அவர் நாங்கள் கொண்டுபோன வெள்ளைத் துணியைக் கட்டிலில் விரித்தார். மடிப்பை நீவினார். பழக்கம் விடவில்லை, குனிந்து ஒருமுறை மோந்து பார்த்தார்.

"எனக்கு இன்னும் மனசு ஒத்துக்கலை," என்றார். "ஒண்ணுமே வரலை. வெறும் வெயில் வாசனைதான் வருது."

"அது எங்க மாடி," என்றாள் அத்தை.

சிஸ்டர் ஆயாவைப் பார்த்துத் தலையசைத்தார். ஆயா உள்ளே போய் அன்றைய அழுக்கு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் காலடியில் போட்டார். அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிஸ்டர் வேலை உண்டு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூட்டை மட்டும் வந்துவிட்டது.

மாமா குனிந்து தூக்கினார். "இன்னாமே இது, இந்தக் கனம் கனக்குது."

"கனக்கட்டும்," என்றாள் அத்தை. "கவுக்காம எறக்கு. விரிச்சிப் பாத்துட்டுதான் தண்ணியில போடணும்."